300 பெட்டி எடுத்தால் விலை குறைவு, ஸ்டோரில் 180தான் கொள்ளும்

"அண்ணை, 300 பெட்டி எடுத்தால் 7,700 போட்டுத் தரலாம். இந்தக் கிழமை மட்டும்தான்." கொழும்பிலிருந்து ரெப் இப்படித் தொலைபேசியில் சொல்லும்போது, கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ புதிதாகக் காகிதாதி விநியோகம் தொடங்கிய ஒருவர் இரண்டில் ஒன்றைத்தான் செய்வார். கையில் காசு இருந்தால் ஓமென்பார், இல்லாவிட்டால் வேண்டாமென்பார். இரண்டுமே கணக்குப் பார்க்காமல் எடுத்த முடிவு. அந்த ஐந்து நிமிடத்துக்குள் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு ஒன்று இருக்கிறது. அதை ஒரே ஒரு சரக்கை வைத்து, ஏ4 காகிதப் பெட்டியை வைத்து, கடைசிவரை போட்டுக் காட்டுகிறேன். விலைகளும் செலவுகளும் உதாரணத்துக்கு எடுத்தவை. உங்கள் பில்லில் உள்ளதைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஏ4ஐத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கொமியூனிகேஷன் கடைகள், பாடசாலைகள், பிரதேச செயலகங்கள் என்று வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் போகும் சரக்கு இது. இந்தக் கணக்குக்கு அப்படிச் சீராக ஓடும் சரக்குத்தான் பொருந்தும். புதுத் தவணைக்கு முன் மலைபோல் விற்று, பிறகு படுத்துவிடும் அப்பியாசக் கொப்பிக்கு இதை வைத்துக் கட்டளை போடாதீர்கள்.

முதலில் நாலு இலக்கம்

ஒரு வருடத்தில் எத்தனை பெட்டி விற்கிறீர்கள்? போன வருடப் பில் புத்தகத்தைப் பார்த்து எழுதுங்கள். நான் 1,200 என்று எடுக்கிறேன், மாதம் 100.

அடுத்து, ஒரு தடவை கட்டளை போட்டுச் சரக்கை இறக்க என்ன செலவு? புதியவர்கள் பிழை விடுவது அநேகமாக இந்த இடத்தில்தான். லொறிக்காரர் பெட்டிக்கு இவ்வளவு என்று வாங்கும் கூலி இதற்குள் வராது. அது 50 பெட்டி எடுத்தாலும் 300 எடுத்தாலும் பெட்டியோடு கூடவே வரும் செலவு என்பதால் விலையோடு சேர்த்துவிட வேண்டும். இங்கே வருவது, எத்தனை பெட்டி வந்தாலும் ஒரு தடவைக்கு ஒரே தொகையாகப் போகிற செலவு மட்டும். ஏ9 வீதியிலிருந்து உள்ளே ஸ்டோர்வரை லொறி திரும்பி வரக் கேட்கும் தொகை 5,000, இறக்குகிற பெடியங்களுக்கு ஒரு தடவைக்கு 4,500, வங்கிக்கும் சரக்கு எண்ணிப் பார்க்கவும் ஒருவரின் அரைநாள் 2,500. மொத்தம் 12,000 ரூபாய்.

மூன்றாவது, சரக்கை வைத்திருப்பதற்கான செலவு. சரக்கில் முடங்கிய காசுக்கு வங்கி வட்டி 14 சதவீதம், பழுது, ஈரம், காப்புறுதி எல்லாவற்றுக்குமாக 6 சதவீதம், ஆக 20 சதவீதம். பெட்டி 7,850 ரூபாய் என்றால் அதை ஒரு வருடம் வைத்திருக்க 1,570 ரூபாய். ஸ்டோர் வாடகையை இதில் சேர்க்காதீர்கள். 50 பெட்டி கிடந்தாலும் 150 கிடந்தாலும் அதே வாடகைதானே கட்டுகிறீர்கள். புதிதாக ஓர் அறை எடுக்க வேண்டி வந்தால் மட்டும் அந்த வாடகை கணக்குக்குள் வரும். அதைப் பின்னால் பார்ப்போம்.

நாலாவது, விலைப்படிகள். லொறிக் கூலியோடு சேர்த்து இப்படி வைத்துக்கொள்வோம்: 100க்குக் கீழே 8,000, 100 முதல் 299 வரை 7,850, 300உம் அதற்கு மேலும் 7,700. ரெப்பிடம் ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். 300 எடுத்தால் அந்த 300 பெட்டிக்குமே 7,700தானா, அல்லது 300ஐத் தாண்டிய பெட்டிகளுக்கு மட்டுமா? இரண்டும் வேறு வேறு கணக்கு. கீழே போடுவது முதல் வகைக்கு. கழிவுக்குப் பதிலாக 100க்கு 3 பெட்டி "பிரீ இஸ்யூ" என்றால், 100 பெட்டியின் காசை 103ஆல் வகுத்து விலையாக்குங்கள். 8,000 ரூபாய்ப் பெட்டி அப்போது ஏறக்குறைய 7,767 ஆகும். வந்து இறங்குவது 103 பெட்டி, இடமும் 103க்கு வேண்டும்.

ஸ்டோரைப் பெட்டியால் அளவுங்கள்

"பத்துக்குப் பன்னிரண்டு அறை" என்று சொல்வதில் பயனில்லை. எத்தனை பெட்டி கொள்ளும் என்பதுதான் வேண்டும். ஐந்து ரிம் கொண்ட ஏ4 பெட்டி ஏறக்குறைய ஓரடி நீளம், முக்காலடி அகலம். 80 கிராம் தாள் என்றால் ஒரு ரிம் இரண்டரைக் கிலோ, பெட்டி பன்னிரண்டரைக் கிலோ. என் ஸ்டோரில் ஏ4க்கு என்று ஒதுக்கிய பலகைத் தட்டு ஆறரை அடி நீளம், நாலரை அடி அகலம். ஒரு வரிசைக்கு ஆறாக ஆறு வரிசை, ஓர் அடுக்கில் 36 பெட்டி. ஐந்து அடுக்குக்கு மேல் நான் ஏற்றுவதில்லை. அதற்கு மேலே போனால் அடிப்பெட்டியின் மூலை நசியும், மூலை நசிந்த ரிம்மை எந்தக் கொமியூனிகேஷன்காரரும் வாங்கமாட்டார். ஆக 36 தர 5, 180 பெட்டி. நிறை இரண்டேகால் தொன். மேல்மாடி அறை என்றால், அடுக்குவதற்கு முன் கட்டிய மேசனைக் கேளுங்கள்.

தட்டு சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளியிருக்க வேண்டும், நிலத்திலிருந்தும் உயர்ந்திருக்க வேண்டும். வன்னியில் இதை விட்டுக்கொடுக்க முடியாது. சுவரோடு ஒட்டி அடுக்கினால் கறையான் மண்கோடு இழுத்து ஏறுவது கண்ணில் படாது. அந்த ஒரு முழ இடைவெளியில் கிழமைக்கு ஒருமுறை டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

180 முழுவதும் புதுக் கட்டளைக்கு இல்லை. ஒரு நாளில் நாலு பெட்டியளவில் போகிறது, சொல்லி ஆறு நாளில் சரக்கு வருகிறது என்றால் அந்த இடைக்குள் 24 பெட்டி விற்கும். லொறி பிந்தினால் சமாளிக்க 20 பெட்டி கையில் வேண்டும். ஆகவே 44 பெட்டி மிஞ்சும்போது கட்டளை போட வேண்டும், லொறி வந்து நிற்கும்போது தட்டில் 20 பெட்டியாவது கிடக்கும். அப்படியானால் ஒரு தடவைக்கு இறக்கக்கூடியது 160தான்.

குறைந்த விலையிலிருந்து கீழிறங்குங்கள்

ஒரு தடவைக்கு எத்தனை எடுத்தால் வருடச் செலவு ஆகக்குறையும் என்று சொல்வது சிக்கனக் கட்டளைத் தொகை. அதற்கான சூத்திரத்தை உயர்தரத்தில் கணக்கீடு படித்தவர்கள் பார்த்திருப்பார்கள். 1913இல் ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் வெளியிட்டது. அதில் ஒரே விலைதான் உண்டு, இடத்துக்கு எல்லை இல்லை. நமக்கு இரண்டுமே பிரச்சினை என்பதால் சூத்திரத்தோடு இன்னும் இரண்டு படி சேர்த்துப் போக வேண்டும். கைபேசியில் உள்ள எக்செல்லில் இதை அப்படியே தட்டலாம்:

```
=SQRT(2*1200*12000/(0.2*7700))   → 136.8
=SQRT(2*1200*12000/(0.2*7850))   → 135.4
```

முதல் வரி 7,700 விலைக்கு. விடை 137, ஆனால் அந்த விலை கிடைக்க 300 எடுக்க வேண்டும். ஆகவே 137 அந்த விலையில் நடக்காது. 7,700க்கு வேண்டுமென்றால் ஆகக்குறைந்தது 300தான். இரண்டாவது வரி 7,850க்கு. விடை 135, அது 100க்கும் 299க்கும் நடுவே விழுகிறது, நடக்கக்கூடியது. நடக்கக்கூடிய விடை ஒன்று வந்ததும் நிறுத்திவிடலாம், அதற்குக் கீழே உள்ள 8,000 ரூபாய்ப் படியைப் பார்க்கத் தேவையில்லை. இனி 135ஐயும் 300ஐயும் மட்டும் ஒப்பிட வேண்டும்.

ஒப்பிடும்போது வருடம் முழுக்கப் போகும் மொத்தச் செலவைப் பாருங்கள்: சரக்கின் விலை, கட்டளைச் செலவு, வைத்திருக்கும் செலவு மூன்றும். சராசரியாக ஸ்டோரில் கிடப்பது கட்டளையின் பாதி என்று எடுக்க வேண்டும். 20 பெட்டிக் கையிருப்பு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே செலவு என்பதால் விட்டுவிடுகிறேன்.

```
135: 1200×7850 + (1200/135)×12000 + (135/2)×1570 = 9,632,642
300: 1200×7700 + (1200/300)×12000 + (300/2)×1540 = 9,519,000
```

300தான் மலிவு, வருடத்துக்கு 113,642 ரூபாய். ரெப் சொன்னது பொய்யில்லை. ஆனால் 300 பெட்டி உள்ளே போகாது, 160தான் போகும். இடத்துக்குள் நிற்கிற நல்ல விடை 135.

அந்த 135ஐப் பிடித்துக்கொண்டு நிற்கவும் வேண்டியதில்லை. 150 எடுத்தால் வருடத்துக்குக் கூடுவது ஆயிரத்து நூறு ரூபாய்தான். 100ஆகக் குறைத்தால் பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. லொறிக்கு எது வசதியோ, கையில் காசு எவ்வளவோ, அதற்கேற்ப 120க்கும் 150க்கும் இடையே எதையும் எடுக்கலாம். 99க்குள் மட்டும் இறங்கிவிடாதீர்கள்.

113,642 என்பது இடத்தின் விலை

நிறையப் பேர் "இடமில்லை" என்று சொல்லி இந்த இடத்தில் விட்டுவிடுகிறார்கள். அந்தத் தொகையைத் திருப்பிப் பாருங்கள். இன்னும் 140 பெட்டி வைக்க இடமிருந்தால் அது வருடத்துக்கு 113,642 ரூபாய் உழைத்துத் தரும். அப்படியானால் மேலதிக அறைக்கு மாதம் 9,470 ரூபாய்க்குக் குறைவாக வாடகை கேட்டால் எடுக்கலாம், கூடினால் வேண்டாம். இன்னொன்றையும் கவனியுங்கள். 300 வந்து இறங்கிய அன்று 320 பெட்டி இருக்கும். மாதம் 100 போனால், ஒன்றரை மாதத்துக்குள் அது 180க்குக் கீழே வந்துவிடும். மூன்று மாதச் சுற்றில் அந்த அறை இரண்டு மாதத்துக்குத்தான் தேவை. மாதக்கணக்கில் விட்டு விட்டு வாடகைக்குத் தருபவர் கிடைத்தால், வருடத்தில் எட்டு மாதம், மாதம் 14,200 வரை தாங்கும்.

ஆனால் அறை வாடகையைவிட நல்ல வழி பேச்சில் இருக்கிறது. 300க்குக் கட்டளை போட்டு, 150 150ஆக இரண்டு தடவையில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் அந்தப் பாதிக்குக் காசு என்று. இறக்கும் செலவு எட்டுத் தடவை வரும். இருந்தாலும் வருட மொத்தம் 9,451,500தான். அதாவது 300ஐயும் ஒரேயடியாக இறக்குவதைவிடவே 67,500 குறைவு, 135ஐவிட 181,142 குறைவு. உங்கள் ஸ்டோருக்கும் போதும். ஆண்டு முழுக்க 1,200 பெட்டி எடுப்பவர் என்பதைக் காட்டிக் கேட்டால் இது நடக்கக்கூடிய பேச்சு. ரெப் முழுக் காசையும் முன்னுக்கே கேட்டால், இரண்டாம் பாதிக்கு நீங்கள் ஒன்றரை மாத வட்டி சுமக்கிறீர்கள். அப்போதும் 135ஐவிட ஏறக்குறைய ஒரு இலட்சம் மிஞ்சும், ஆனால் சரக்கு அவர் கையில், காசும் அவர் கையில். நம்பிக்கை பார்த்துச் செய்ய வேண்டியது அது.

செய்யக்கூடாதது ஒன்று இருக்கிறது, அதை நான் செய்திருக்கிறேன். ஒரு ஒக்டோபரில் 300 பெட்டியையும் இறக்கிவிட்டு, உள்ளே கொள்ளாததைப் பின் விறாந்தையில் தறப்பாளால் மூடி வைத்தேன். மாரி தொடங்கியது. தறப்பாளுக்கு மேலால் ஒரு சொட்டு நீரும் போகவில்லை. ஆனால் சீமெந்து நிலத்திலிருந்து ஈரம் ஏறி, மூடியிருந்ததால் உள்ளேயே நின்றது. பெட்டி வெளியில் காய்ந்துதான் இருந்தது. பரந்தனில் ஒரு கொமியூனிகேஷன் கடைத் தங்கச்சி, "அண்ணை, உங்கட பேப்பர் மெசினுக்குள்ள சுருண்டு சுருண்டு மாட்டுது" என்று ரிம்மைத் திருப்பிக் கொண்டுவந்த பிறகுதான் விளங்கியது. உறையைக் கிழித்துப் பார்த்தால் தாளின் விளிம்பு அலை அலையாக இருந்தது. நல்ல ரிம்மை மேசையில் நிறுத்தினால் விளிம்பு நேர்கோடாக நிற்கும், விரலால் தட்டினால் விறைப்பான சத்தம் வரும். ஈரமேறியது மெதுமெதுப்பாக மடங்கும். 11 பெட்டி போய்விட்டது, இன்றைய விலையில் 84,700 ரூபாய்.

இதைக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். வருட இலாபம் 113,642 என்றால், நாலு கட்டளையில் ஒரு கட்டளைக்கு 28,410. ஒரு பெட்டி 7,700. 300 பெட்டியில் நாலே நாலு பெட்டி மேலதிகமாகப் பழுதானால் அந்தக் கட்டளையில் கழிவால் வந்த முழு ஆதாயமும் போயிற்று. ஆகவே மேலதிக அறையைப் பார்க்கப் போகும்போது வாடகையை மட்டும் கேட்காதீர்கள். மழை நாளில் போய், சுவரின் கீழ்ப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள்.

கடன் போகிறதா என்று கேளுங்கள்

கழிவுப் பேச்சில் அடிக்கடி ஒளிந்திருக்கும் ஒன்று, கடன் தவணை. 7,850க்கு எடுக்கும்போது ரெப் ஒரு மாதத் திகதி போட்ட செக் ஏற்கிறார், 7,700க்கு என்றால் கைக்காசு என்கிறார் என்று வைப்போம். ஒரு மாதக் கடனின் பெறுமதியைப் போடுங்கள்: வருடக் கொள்வனவு 9,420,000, அதற்கு 14 சதவீத வட்டியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, 109,900 ரூபாய். 300 எடுப்பதால் கிடைப்பதாகச் சொன்ன 113,642இல் இதைக் கழித்தால் மிச்சம் 3,742. ஒரு பெட்டிக் காசில் பாதிகூட இல்லை. அந்தக் கட்டத்தில் 135உடன் நின்றுவிடுங்கள்.

கொப்பிக் காலத்தில் இடம் சுருங்கும்

180 என்பது வருடம் முழுக்க 180 இல்லை. நவம்பரிலிருந்து ஜனவரிவரை கொப்பியும் டயரியும் வந்து குவியும்போது ஏ4 தட்டிலும் கை வைக்கத் தோன்றும். பாதியைக் கொடுத்துவிட்டால் 90 பெட்டி இடம். கையிருப்பு 20ஐக் கழித்தால் ஒரு தடவைக்கு 70தான் எடுக்கலாம், விலை 8,000க்கு ஏறிவிடும். மூன்று மாதத்தில் 300 பெட்டி, பெட்டிக்கு 150 கூட, அதுவே 45,000. அடிக்கடி இறக்கும் செலவையும் சேர்த்தால் 55,000க்குப் பக்கத்தில் வரும். ஆனால் 120 பெட்டிக்கு இடம் விட்டுவைத்தால் 100 எடுத்து 7,850இல் நிற்கலாம். 120 என்றால் ஓர் அடுக்கில் 24, அதாவது அந்தத் தட்டில் நாலு வரிசை. கொப்பிக்காரருக்கு இரண்டு வரிசையைக் கொடுங்கள், மூன்றாவதைக் கொடுக்காதீர்கள். நான் தட்டின் அந்த எல்லையில் சிவப்புப் பெயின்றால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன், ஸ்டோரில் நிற்கும் பெடியனுக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை.

வட்டி மாறும்போது இதையெல்லாம் திருப்பிப் போட வேண்டும். 2022இன் கடைசியில் வங்கி வட்டி 25 சதவீதத்தைத் தாண்டி நின்றது. மற்ற இலக்கங்களை அப்படியே வைத்து, வட்டியை மட்டும் 26ஆக்கி, வைத்திருக்கும் செலவை 32 சதவீதமாகப் போட்டுப் பாருங்கள். 7,850 விலைக்கான தொகை 135இலிருந்து 107ஆக இறங்கும், 300 எடுப்பதன் ஆதாயம் 113,642இலிருந்து ஏறக்குறைய 31,000க்கு வந்துவிடும். மாதம் 9,000க்கு எடுத்த மேலதிக அறை அப்போது நட்டம். ஆகவே அறை எடுத்தால் ஒப்பந்தத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும்படி எழுதுங்கள், நீங்கள் அடுத்த 300க்குச் சொல்லும் அதே கிழமையில் அது முடிகிறமாதிரி.